ஐம்பதில் எட்டு: ஒரு செவிலியர் தேர்வுக்குப் பின் நடந்த வினாப் பகுப்பாய்வு

ஒரு செவிலியர் கல்லூரியில் மருத்துவ–அறுவைச் செவிலியம் பாடத்துக்கான உள்தேர்வை 96 மாணவர்கள் எழுதினார்கள். நான்கு தெரிவுகள் கொண்ட 50 வினாக்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்குக் கழிவு இல்லை, தேர்ச்சிக்கு 25. விடைத்தாள்கள் ஸ்கேன் செய்யப்பட்டு மதிப்பெண் பட்டியல் அன்று மாலையே தயாராகிவிட்டது. ஆனாலும் வினாப் பகுப்பாய்வு முடியும் வரை முடிவை வெளியிடக் கூடாது என்று தேர்வுக் குழு வைத்திருந்த விதியால் பட்டியல் நான்கு நாள் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் பகுப்பாய்வைச் செய்யும் பொறுப்பு என்னிடம் இருந்தது. எந்த வினாவைத் திருத்தினோம், எதைத் தொடாமல் விட்டோம், ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதே இந்த ஆய்வு.

கையில் எடுத்துக்கொண்ட முதன்மை அளவுகள் இரண்டு. முதலாவது கடினக் குறியீடு. ஒரு வினாவுக்குச் சரியாக விடையளித்தவர்களின் எண்ணிக்கையைத் தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். பெயருக்கு நேர்மாறாக, இந்த எண் கூடக் கூட வினா எளிதாகிறது. 0.95 என்றால் மிக எளிது, 0.20 என்றால் மிகக் கடினம். புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் அறிக்கையைத் தலைகீழாக வாசித்துவிடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்; எனவே அறிக்கையின் தலைப்பிலேயே "சரியாக எழுதியோர் பங்கு" என்று போட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது பாகுபடுத்தும் குறியீடு. மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே உள்ள 27 விழுக்காட்டினரை ஒரு குழுவாகவும் கீழே உள்ள 27 விழுக்காட்டினரை மற்றொரு குழுவாகவும் பிரித்து, ஒரு வினாவை மேல் குழுவில் சரியாக எழுதியவர்களின் பங்கிலிருந்து கீழ் குழுவில் சரியாக எழுதியவர்களின் பங்கைக் கழிக்க வேண்டும். 27 என்ற அளவு ட்ரூமன் கெல்லி 1939-இல் காட்டிய கணக்கிலிருந்து வந்தது. இரு குழுக்களும் போதிய அளவு பெரிதாகவும் இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்று போதிய அளவு விலகியும் இருக்க வேண்டும் என்ற இரு தேவைகளுக்கும் அந்த இடமே நடுவாக அமைகிறது. 96 பேரில் 27 விழுக்காடு என்பது 26 பேர். மேலே 26, கீழே 26, நடுவில் 44 பேர். இந்தக் குறியீட்டுக்கு ராபர்ட் ஈபெல் வகுத்த எல்லைகளைத்தான் பெரும்பாலான கல்லூரிகள் இன்றும் வைத்திருக்கின்றன: 0.40-உம் அதற்கு மேலும் மிக நன்று, 0.30 முதல் 0.39 வரை நன்று, 0.20 முதல் 0.29 வரை திருத்தத்துக்கு இடமுண்டு, அதற்குக் கீழே ஐயத்துக்குரியது.

குழு பிரிக்கும்போதே ஒரு சிறு சிக்கல் வந்தது. 25-ஆம் இடத்திலிருந்து 28-ஆம் இடம் வரை இருந்த நால்வரும் 36 மதிப்பெண் பெற்றிருந்தனர். மேல் குழுவில் மீதி இருந்ததோ இரண்டே இடம். சீட்டுக் குலுக்கி இருவரை எடுத்தோம். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 26 பேர் கொண்ட குழுவில் ஒரு மாணவரின் விடை மாறினாலே குறியீடு ஏறத்தாழ 0.04 நகரும், இருவர் மாறினால் 0.08 நகரும். எனவே இவ்வளவு சிறிய தேர்வில் 0.17-க்கும் 0.23-க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வைத்துக்கொண்டு ஒரு வினாவை நல்லது என்றும் மற்றொன்றைக் கெட்டது என்றும் சொல்ல முடியாது. அந்த எல்லைகளை எந்த வினாவை எடுத்துப் படிக்க வேண்டும் என்று காட்டும் குறியாக மட்டுமே பயன்படுத்தினோம்.

நடுவிலுள்ள 44 பேரின் விடைகளை இந்த முறை பார்ப்பதே இல்லை என்பதால், ஒவ்வொரு வினாவின் விடையையும் மொத்த மதிப்பெண்ணையும் நேரடியாகத் தொடர்புபடுத்தும் ஒட்டுறவுக் கெழுவையும் கூடவே கணக்கிட்டோம். மொத்தத்தில் அந்த வினாவின் மதிப்பெண்ணும் சேர்ந்திருந்தால் கெழு செயற்கையாக உயரும். அதனால் அதைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும். 1, 0 என்று பதிந்த விடைகள் B முதல் AY வரையிலான நெடுவரிசைகளிலும், மொத்தம் AZ-இலும் இருக்கும் தாளில் முதல் வினாவுக்கான சூத்திரம் இது:

```
=CORREL(B2:B97, AZ2:AZ97-B2:B97)
```

பழைய எக்செல் பதிப்புகளில் இதை Ctrl+Shift+Enter அழுத்தி உள்ளிட வேண்டும். இல்லாவிட்டால் பிழை காட்டும்.

பாகுபடுத்தும் குறியீடு 0.20-க்குக் கீழே, அல்லது கடினக் குறியீடு 0.30-க்குக் கீழே, அல்லது 0.90-க்கு மேலே இருக்கும் வினாக்களைத் தனியே எடுத்தபோது ஏழு வந்தன. எண்களில் சிக்காத, ஆனால் மாணவர்கள் எழுத்து மூலம் புகார் கொடுத்த ஒரு வினா எட்டாவதாகச் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் குறியீடுகளை மட்டும் பார்க்காமல், எந்தத் தெரிவை எந்தக் குழுவில் எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற அட்டவணையை அச்சிட்டு, வினாத்தாளின் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குழு உட்கார்ந்தது.

வினா 17: விடைக்குறிப்பே தவறு

500 மி.லி. திரவத்தில் 25,000 யூனிட் ஹெபாரின் கலக்கப்பட்டுள்ளது. மணிக்கு 1,000 யூனிட் செலுத்த மருத்துவர் எழுதியுள்ளார். பம்ப்பை மணிக்கு எத்தனை மி.லி. என்று வைக்க வேண்டும்? இதுதான் வினா. கடினக் குறியீடு 0.11, பாகுபடுத்தும் குறியீடு மைனஸ் 0.19. நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே 0.25 வர வேண்டிய இடத்தில் 0.11 வந்திருக்கிறது என்றால், மாணவர்கள் வெறுமனே அறியாதவர்களாக இல்லை, ஏதோ ஒன்றை உறுதியாக நம்பி வேறு பக்கம் போயிருக்கிறார்கள் என்று பொருள்.

| தெரிவு | மேல் 26 | கீழ் 26 | மொத்தம் 96 |
|---|---|---|---|
| அ) 2 | 0 | 2 | 3 |
| ஆ) 20 | 25 | 13 | 74 |
| இ) 25 (விடைக்குறிப்பு) | 1 | 6 | 11 |
| ஈ) 50 | 0 | 5 | 8 |

கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு மி.லி.-இல் 50 யூனிட்; 1,000-ஐ 50-ஆல் வகுத்தால் 20. சரியான விடை 'ஆ'. வினாவை எழுதிய ஆசிரியரின் முதல் வரைவைத் தேடி எடுத்தபோது காரணம் தெரிந்தது. அதில் தெரிவுகள் 50, 2, 20, 25 என்ற வரிசையில் இருந்தன. சரியான விடை மூன்றாவது. பின்னர் எண் தெரிவுகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்ற விதிப்படி யாரோ அவற்றை மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். விடைக்குறிப்பு மட்டும் மூன்றாவது இடத்திலேயே நின்றுவிட்டது.

விடைக்குறிப்பைத் திருத்தியதும், அதே குழுக்களை வைத்துப் பார்த்தால் கடினக் குறியீடு 0.77, பாகுபடுத்தும் குறியீடு 0.46. ஒட்டுமொத்தத் தாளிலேயே நன்றாக வேலை செய்த வினாக்களில் ஒன்று அது. திருத்தத்தால் 74 பேருக்கு ஒரு மதிப்பெண் கூடியது. 'இ' எழுதிய 11 பேர் ஒரு மதிப்பெண்ணை இழந்தார்கள். அவர்களுக்கு அதை விட்டுக்கொடுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். மணிக்கு 25 மி.லி. என்று பம்ப்பை வைத்தால் நோயாளிக்குள் போவது 1,250 யூனிட் என்பதால் குழு அதற்கு இசையவில்லை. முடிவு வெளியாகாமல் இருந்ததால்தான் அந்த முடிவை எளிதாக எடுக்க முடிந்தது. வெளியான மதிப்பெண்ணைக் குறைப்பது வேறு கதை.

இதற்கடுத்த படியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விடைக்குறிப்பு மாறினால் மொத்த மதிப்பெண் மாறும். மொத்தம் மாறினால் மேல் குழுவும் கீழ் குழுவும் மாறும். எனவே மற்ற வினாக்களைத் தொடும் முன் குழுக்களை மறுபடியும் பிரித்து, எல்லாக் குறியீடுகளையும் புதிதாகக் கணக்கிட்டோம். மூன்று மாணவர்கள் குழு மாறினார்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த இரண்டாம் சுற்றைச் சேர்ந்தவை.

வினா 31: நன்றாகத் தெரிந்தவர்களே தவறவிட்டது

இரத்தம் ஏற்றத் தொடங்கிய பத்து நிமிடத்தில் நோயாளி குளிர் நடுக்கமும் முதுகு வலியும் இருப்பதாகச் சொல்கிறார். செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? விடைக்குறிப்பின்படி சரியான விடை 'ஆ'.

| தெரிவு | மேல் 26 | கீழ் 26 | மொத்தம் 96 |
|---|---|---|---|
| அ) வெப்பநிலை, நாடி, இரத்த அழுத்தம் பார்த்தல் | 1 | 4 | 9 |
| ஆ) இரத்தம் ஏற்றுவதை உடனே நிறுத்துதல் | 9 | 13 | 41 |
| இ) வேகத்தைக் குறைத்து மருத்துவருக்குத் தெரிவித்தல் | 0 | 4 | 8 |
| ஈ) இரத்தத்தை நிறுத்தி, புதுக் குழாய் வழியாக நார்மல் சலைன் ஓட விடுதல் | 16 | 5 | 38 |

கடினக் குறியீடு 0.43. அதை மட்டும் பார்த்தால் நடுத்தரமான, நல்ல வினா என்றே தோன்றும். பாகுபடுத்தும் குறியீடோ மைனஸ் 0.15. அட்டவணையின் கடைசி வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது: மேல் குழுவில் 16 பேர் 'ஈ' பக்கம் போயிருக்கிறார்கள், கீழ் குழுவில் 5 பேர்தான். விடைக்குறிப்பு தவறாக இருந்த 17-ஆம் வினாவில் மேல் குழு கிட்டத்தட்ட முழுவதுமாக ஒரே தெரிவில் குவிந்திருந்தது. இங்கே அது இரண்டாகப் பிளந்திருக்கிறது. இரண்டு தெரிவுகளும் சரியாக இருக்கும்போது பெரும்பாலும் இந்த வடிவம்தான் வரும்.

'ஈ'-யும் "நிறுத்தி" என்றுதான் தொடங்குகிறது. நிறுத்திய பின் நரம்பு வழியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், அதற்குப் பழைய குழாயைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் அதில் தேங்கியிருக்கும் இரத்தம் நோயாளிக்குள் போய்விடும் என்ற வரிசையை முழுதாகத் தெரிந்த மாணவர், குறைவாகச் சொல்லும் 'ஆ'-வை விட்டுவிட்டு நிறைவாகச் சொல்லும் 'ஈ'-யை எடுப்பது இயல்பே. வினா எழுதிய ஆசிரியர் இதை முதலில் ஏற்கவில்லை. "முதலில் என்றால் முதலில்தான், நிறுத்துவது முதல் செயல், குழாய் மாற்றுவது அடுத்தது" என்றார். சொல்லளவில் அவர் கூற்றில் பிழையில்லை. ஆனால் அந்த வாதப்படி பார்த்தாலும், 'ஈ' எழுதியவர் நிறுத்தாமல் விட்டார் என்று சொல்ல முடியாது. வார்டில் இருவரின் கையும் முதலில் போகும் இடம் ஒன்றுதான். செவிலியர் அறிவில் வேறுபாடு இல்லாமல், வாக்கியத்தை எப்படிப் படித்தார் என்பதில் மட்டும் வேறுபடும் இருவரை வினா பிரிக்கிறது என்றால் குறை வினாவில்தான்.

இந்தத் தேர்வுக்கு இரண்டு விடைகளையும் சரி என்று ஏற்றோம். அப்படி ஏற்றபோது கடினக் குறியீடு 0.82, பாகுபடுத்தும் குறியீடு 0.27 ஆயின. வினா வங்கிக்கு இதை அப்படியே அனுப்பவில்லை. 'ஈ'-யை மட்டும் நீக்கிவிட்டால், மேலோட்டமாகப் படித்தவரும் எழுதிவிடக்கூடிய வெறும் எளிய வினாவாக அது சுருங்கிவிடும் என்பது என் கருத்து. ஆகவே தெரிவுகளுக்கு முன்னால் வரும் வினா வாசகத்தை, அதாவது தண்டையே, மாற்றினோம். "இரத்தம் ஏற்றுவதை உடனே நிறுத்திவிட்டீர்கள், அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, புதுக் குழாயில் சலைன், அதே குழாயில் சலைன், கேனுலாவை எடுத்துவிடுதல், மருத்துவர் வரும் வரை வேறெதையும் தொடாதிருத்தல் என நான்கு தெரிவுகளை வைத்தோம். இப்போது மேல் குழுவினருக்குத் தெரிந்திருந்த அந்தக் கூடுதல் செய்திதான் வினாவின் மையம்.

வினா 23: குறை வினாவில் இல்லை

குழு அதிக நேரம் செலவிட்டது இதில்தான். மார்புக் குழாய் வைத்த நோயாளியின் வடிகால் கருவியில், வாட்டர் சீல் அறையில் தொடர்ந்து குமிழி வந்துகொண்டே இருக்கிறது. இது எதைக் காட்டுகிறது? சரியான விடை காற்றுக் கசிவு. 96 பேரில் 39 பேர் சரி. கடினக் குறியீடு 0.41. மேல் குழுவில் 13, கீழ் குழுவில் 9. பாகுபடுத்தும் குறியீடு 0.15. தண்டு தெளிவாக இருந்தது, விடைக்குறிப்பு சரி, வேறு எந்தத் தெரிவையும் நியாயப்படுத்த முடியவில்லை. தவறியவர்களில் பெரும்பாலோர் "கருவி இயல்பாக இயங்குகிறது" என்ற தெரிவை எடுத்திருந்தார்கள். மூச்சோடு சேர்ந்து நீர்மட்டம் ஏறி இறங்குவது இயல்பு; அதையும் இடைவிடாத குமிழியையும் குழப்பிக்கொள்வது எங்கும் காணப்படும் தவறு. ஆனால் மேல் குழுவிலேயே பாதிப் பேர் அதில் விழுந்தது ஏன் என்பது விளங்கவில்லை.

வகுப்புப் பிரிவு வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. 'அ' பிரிவில் 48 பேரில் 30 பேர் சரி. 'ஆ' பிரிவில் 48 பேரில் 9 பேர். 0.63-க்கு எதிராக 0.19, அதாவது 'ஆ' பிரிவினர் குருட்டாம்போக்கில் எழுதியிருந்தால்கூட இதைவிடக் கூடுதலாக எடுத்திருப்பார்கள். 'அ' பிரிவை மட்டும் தனியே எடுத்தால், மேல் குழுவிலிருந்த அப்பிரிவினர் 12 பேரில் 11 பேரும் கீழ் குழுவிலிருந்த 14 பேரில் 7 பேரும் சரியாக எழுதியிருந்தார்கள். பாகுபடுத்தும் குறியீடு 0.42 ஆகிறது. 'ஆ' பிரிவில் மேல் குழுவினர் 14 பேரில் இருவர், கீழ் குழுவினர் 12 பேரில் இருவர். குறியீடு கிட்டத்தட்டச் சுழியம். நன்றாகப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் வேறுபாடே இல்லை, ஏனென்றால் எவருக்குமே அது கற்பிக்கப்படவில்லை. பாடப் பதிவேட்டைப் புரட்டினோம். மார்புக் குழாய்ப் பராமரிப்பு வகுப்பு இருந்த வாரத்தில் 'ஆ' பிரிவு மருத்துவமனைப் பணிக்கு மாற்றப்பட்டிருந்தது; விடுபட்ட அந்த வகுப்பு பின்னர் எடுக்கப்படவே இல்லை.

0.15 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வினாவை நீக்கியிருந்தால் ஒரு நல்ல வினாவை இழந்திருப்போம். கற்பிக்காமல் விட்ட பாடமும் வெளியே தெரியாமலே போயிருக்கும். வங்கியில் வினா ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறது. சிக்கல் இந்தத் தேர்வின் மதிப்பெண்ணில்தான் எழுந்தது. முதலில் வினாவை நீக்கி மொத்தத்தை 49 ஆக்கலாம் என்றுதான் பேசினோம். மறுகணக்குப் போட்டபோது ஒரு மாணவர் இடையில் நின்றார். மற்றத் திருத்தங்களுக்குப் பின் அவர் சரியாக 50-க்கு 25 எடுத்திருந்தார், அந்த 25-இல் இந்த வினாவும் ஒன்று. நீக்கினால் 49-க்கு 24, விழுக்காடு 48.98, தேர்ச்சி போய்விடும். சரியாக எழுதிய ஒரே காரணத்தால் ஒருவர் தோற்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. எனவே 96 பேருக்கும் அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்தோம். நம்பகத்தன்மைக் கணக்கைப் பொறுத்தவரை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே, ஏனெனில் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் தரும் வினா மாணவர்களிடையே எந்த வேறுபாட்டையும் காட்டுவதில்லை. ஆனால் தெரியாத ஒன்றுக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு அப்படியே விட முடியாது. 'ஆ' பிரிவுக்கு விடுபட்ட வகுப்பை எடுத்து, செய்முறைக் கூடத்தில் ஒவ்வொருவரையும் கருவியின் முன் நிறுத்திக் கேட்டுப் பதிந்த பிறகே அவர்களை அடுத்த வார்டுப் பணிக்கு அனுப்பினோம்.

எளிதும் கடினமும்

வினா 8, டிகாக்சின் பற்றியது. கொடுக்கும் முன் ஒரு முழு நிமிடம் எண்ணியதில் வயது வந்த நோயாளியின் இதய முனைத் துடிப்பு 52, என்ன செய்வீர்கள்? மருந்தை நிறுத்தி வைத்து மருத்துவருக்குத் தெரிவிப்பதே விடை. 92 பேர் சரி, கடினக் குறியீடு 0.96, பாகுபடுத்தும் குறியீடு 0.12. எல்லைகளை மட்டும் பார்த்தால் நீக்க வேண்டிய வினா. ஆனால் மொத்தமே நால்வர்தான் தவறியிருக்கிறார்கள். அந்த நால்வரும் கீழ் குழுவிலேயே இருந்தாலும் குறியீடு 4-ஐ 26-ஆல் வகுத்த 0.15-ஐத் தாண்ட முடியாது. உண்மையில் மூவர் கீழ் குழுவில் இருந்தார்கள். தன்னால் எட்டக்கூடிய உச்சத்துக்கு அருகில்தான் வினா நின்றது. எல்லாரும் தெரிந்திருந்தே ஆக வேண்டிய பாதுகாப்புச் செய்தியைக் கேட்கும் வினா இப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அப்படியே வைத்தோம், தவறிய நால்வரின் பெயர்ப் பட்டியல் மட்டும் மருத்துவமனைப் பயிற்சி ஆசிரியரிடம் போனது. இதே வகையைச் சேர்ந்த வேறு இரண்டு வினாக்களுக்கும் இதே முடிவுதான்.

அதற்கு எதிர்முனையில் இருந்தது மாணவர்கள் புகார் கொடுத்த 44-ஆம் வினா. டயபடிக் கீட்டோ அசிடோசிஸ் நோயாளி. சேர்க்கையின்போது பொட்டாசியம் 5.4, இன்சுலின் ட்ரிப் தொடங்கி இரண்டு மணி நேரமாகிறது, எந்த மாற்றத்தைச் செவிலியர் மிகக் கவனமாக எதிர்பார்க்க வேண்டும்? இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவதால் இரத்தத்தில் அது குறையும் என்பதே விடை. 33 பேர்தான் சரி, கடினக் குறியீடு 0.34. "மூன்றில் இரண்டு பங்கினர் தவறிய வினாவை நீக்க வேண்டும்" என்று புகாரில் எழுதியிருந்தார்கள். மேல் குழுவில் 16 பேர், கீழ் குழுவில் 5 பேர் சரி; பாகுபடுத்தும் குறியீடு 0.42. தவறியவர்கள் 5.4 என்ற எண்ணைப் பார்த்ததும் "இன்னும் கூடும்" என்ற தெரிவுக்குப் போயிருந்தார்கள். கடினமானது என்பது ஒரு வினாவின் குறையாகாது. புகாரை ஏற்கவில்லை, ஆனால் அடுத்த வகுப்பில் அந்த இடத்தைப் படம் போட்டு மறுபடியும் விளக்கச் சொன்னோம்.

வினா 12: யாரும் தொடாத தெரிவுகள்

மூக்கு வழி இரைப்பைக் குழாயைப் புதிதாகச் செலுத்திய பின், முதல் உணவு கொடுக்கும் முன் அது சரியான இடத்தில் இருப்பதை உறுதி செய்ய மிக நம்பகமான முறை எது? எக்ஸ்ரே என்று 82 பேர் எழுதினார்கள். உறிஞ்சி எடுத்த நீரின் அமிலத்தன்மையைச் சோதித்தல் என்று 14 பேர் எழுதினார்கள். மற்ற இரண்டு தெரிவுகளான "குழாயின் வெளிப்பகுதி நிறத்தைப் பார்த்தல்", "நோயாளியிடம் கேட்டல்" ஆகியவற்றை ஒருவர்கூட எடுக்கவில்லை. கடினக் குறியீடு 0.85, பாகுபடுத்தும் குறியீடு 0.19.

தவறான தெரிவு ஒன்றைத் தேர்வு எழுதியவர்களில் 5 விழுக்காட்டினராவது எடுக்காவிட்டால் அது வேலை செய்யவில்லை என்று கொள்வது வழக்கம். இங்கே இரண்டு தெரிவுகள் வெறும் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. தாளில் நான்கு தெரிவு இருந்தாலும் மாணவர் கண்ணுக்கு அது இரண்டு தெரிவு வினா, ஊகித்தே பாதி மதிப்பெண்ணை எடுத்துவிடலாம். இதைத் திருத்த வேண்டியவற்றில் கடைசியாக வைத்திருந்தோம், பத்து நிமிடத்தில் முடித்தோம். நிறம் பற்றிய தெரிவுக்குப் பதிலாக "ஊசிக் குழலால் காற்றைச் செலுத்தி வயிற்றின் மேல் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துக் கேட்டல்" என்பதையும், கேட்டல் பற்றிய தெரிவுக்குப் பதிலாக "இருமல் இல்லாதிருப்பதைக் கவனித்தல்" என்பதையும் போட்டோம். அன்றாட நடைமுறையில் பல மருத்துவமனைகள் அமிலத்தன்மைச் சோதனையை முதலில் செய்வதால், "மிக நம்பகமான" என்ற சொல்லைத் தண்டில் தடித்த எழுத்தாக்கினோம்.

திருத்தங்களுக்குப் பின், வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் தாளின் கே.ஆர்-20 நம்பகத்தன்மைக் கெழு 0.71-இலிருந்து 0.74 ஆனது. பெரிய ஏற்றமில்லை, ஐம்பதில் மூன்று வினாக்களின் மதிப்பெண் மாறினால் இவ்வளவுதான் நகரும். வினா வங்கியில் ஒவ்வொரு வினாவின் பதிவிலும் தேர்வின் தேதி, எழுதியோர் எண்ணிக்கை, இரண்டு குறியீடுகள், தெரிவு வாரி அட்டவணை, எடுத்த முடிவு, அதன் காரணம் ஆகியவற்றை எழுதி வைத்தோம். 23-ஆம் வினாவின் பதிவில் பாகுபடுத்தும் குறியீடு 0.15-க்குப் பக்கத்தில் "ஒரு பிரிவுக்குக் கற்பிக்கப்படவில்லை" என்ற குறிப்பு இல்லாவிட்டால், அடுத்து வங்கியைத் திறப்பவர் அதை முதல் வேலையாக நீக்கிவிடுவார்.

அடுத்த அணியினர் 91 பேர் எழுதிய தேர்வில் திருத்திய இரு வினாக்களும் மீண்டும் வந்தன. 27 விழுக்காடு என்று இம்முறை 25 பேர் கொண்ட குழுக்கள். இரத்தம் ஏற்றுதல் வினாவில் 64 பேர் சரி. மேல் குழுவில் 23, கீழ் குழுவில் 14. கடினக் குறியீடு 0.70, பாகுபடுத்தும் குறியீடு 0.36. மேல் குழு இம்முறை பிளக்கவில்லை.

இரைப்பைக் குழாய் வினாவில் எக்ஸ்ரே என்று எழுதியவர்கள் 58 பேர்; கடினக் குறியீடு 0.64-க்கு இறங்கியது. மேல் குழுவில் 21, கீழ் குழுவில் 11. பாகுபடுத்தும் குறியீடு 0.40. அமிலத்தன்மை என்று 11 பேரும் இருமல் என்று இருவரும் எழுதினார்கள். மீதி 20 பேர் காற்றைச் செலுத்திக் கேட்டல் என்று எழுதியிருந்தார்கள். அணி வேறு என்பதால் இரண்டு ஆண்டு எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் காற்றுச் சத்தத்தை நம்பும் வழக்கம் முந்தைய அணியிலும் இருந்திருக்கக்கூடும், அதை எழுத அவர்களுக்கு நாங்கள் இடமே கொடுக்கவில்லை. அந்த 20 பேரிடம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் சொன்னது வார்டில் பார்த்ததாக.